எட்டு முழக் கரை வேட்டி: வாங்குவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் விற்பனைப் பக்கத்தில் உள்ள விவரம் இது: வெள்ளைப் பருத்தி வேட்டி, எட்டு முழம். நீளம் 3.60 மீட்டர், அகலம் 1.27 மீட்டர். மெரூன் நூலில் 2.5 செ.மீ கரை, கரையின் நடுவே மெல்லிய ஜரிகைக் கோடு. நூல் 80 நம்பர். சாதாரணமாகக் கட்டும் வகை, வெல்க்ரோ எனப்படும் ஒட்டுநாடா வைத்துத் தைத்த வகை என இரண்டாகக் கிடைக்கும்.

எட்டு முழம் என்று போட்டிருக்கிறீர்கள், ஆனால் நீளம் 3.60 மீட்டர்தான் இருக்கிறது. கணக்கு சரியா?

ஒரு முழம் என்பது கடைக் கணக்கில் 18 அங்குலம். எட்டு முழத்துக்கு 144 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.66 மீட்டர் வர வேண்டும். எங்கள் வேட்டி அதைவிட 6 செ.மீ குறைவு. சந்தையில் எட்டு முழம் என்ற பெயரில் 3.60 மீட்டரும் கிடைக்கும், 3.80 மீட்டரும் கிடைக்கும், 4.00 மீட்டரும் கிடைக்கும். ஆகவே எந்தக் கடையில் வாங்கினாலும் முழத்தை விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். முழம் என்பது வேட்டி ஒற்றையா இரட்டையா என்பதைச் சொல்லும் பெயராகவே இன்று நிற்கிறது. நாலு முழம் என்றால் ஒற்றையாகச் சுற்றிக் கட்டுவது, எட்டு முழம் என்றால் நீளத்தைப் பாதியாக மடித்து இரண்டு அடுக்காகக் கட்டுவது. உடம்புக்குப் போதுமா என்பதை மீட்டர்தான் தீர்மானிக்கும்.

எனக்கு உடம்பு கொஞ்சம் பருமன். சுற்றி வருமா?

இதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை, ஒரு கழித்தல் கணக்கில் தெரிந்துவிடும். 3.60 மீட்டரைப் பாதியாக மடித்தால் சுற்றுவதற்குக் கிடைப்பது 180 செ.மீ. இதிலிருந்து உங்கள் இடுப்புக்குக் கீழே, உடம்பு அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவைக் கழியுங்கள். மீதி வருவதுதான் முன்புறம் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் துணி. அது 60 செ.மீ அளவுக்காவது இருந்தால்தான் நடக்கும்போதும் படியேறும்போதும் முன்பக்கம் பிரிந்து கால் தெரியாமல் இருக்கும்.

அந்த இடத்தில் 100 செ.மீ சுற்றளவு உள்ளவருக்கு 80 செ.மீ மீதி வருகிறது, தாராளம். 115 செ.மீ உள்ளவருக்கு 65 செ.மீ வருகிறது, போதும். 122 செ.மீ உள்ளவருக்கு 58 செ.மீதான் வருகிறது, அதுவும் இரண்டு துவைப்புக்குப் பிறகு சற்றே குறையும். அவர் நின்றுகொண்டிருக்கும் வரை குறை எதுவும் தெரியாது, தரையில் சம்மணம் போட்டு உட்காரும்போதுதான் தெரியும். அவருக்கு எங்கள் வேட்டியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 4.00 மீட்டர் நீளமுள்ளதைத் தேடி வாங்குவது நல்லது, அதில் 78 செ.மீ மீதி வரும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எட்டு முழம் பெரியது, ஆகவே பருமனானவருக்கு அதுதான் பொருந்தும் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஆனால் 2.00 மீட்டர் உள்ள ஒற்றை வேட்டியில் முழு நீளமும் சுற்றுக்கே போகிறது என்பதால், 3.60 மீட்டர் இரட்டை வேட்டியைவிட அது 20 செ.மீ கூடுதலாகச் சுற்றி வரும். இரட்டை வேட்டி தருவது அடர்த்தியை, சுற்றளவை அல்ல.

என் உயரம் 6 அடி 3 அங்குலம். கட்டினால் குட்டையாகத் தெரியுமா?

உயரத்துக்குப் பார்க்க வேண்டியது நீளத்தை அல்ல, அகலத்தை. விற்பனைப் பக்கத்தில் 1.27 மீட்டர் என்று இருப்பதுதான் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் அளவு. அந்த 127 செ.மீட்டரில் இரண்டு பக்கக் கரையும் அடக்கம். இடுப்பில் சுருட்டிச் செருகுவதற்கு 10 முதல் 12 செ.மீ போய்விடும். துவைத்த பிறகு அகலத்தில் 3 முதல் 4 செ.மீ அளவுக்குக் குறையலாம். எஞ்சுவது சுமார் 112 செ.மீ.

இப்போது ஒரு டேப்பை எடுத்து, நீங்கள் வழக்கமாக வேட்டி கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் எலும்பு வரை அளந்து பாருங்கள். உங்கள் உயரமுள்ள பெரும்பாலானவர்களுக்கு இது 105 முதல் 110 செ.மீட்டருக்குள் வரும், ஆகவே வேட்டி குட்டையாகாது. ஆனால் மேலே கூடுதலாக மடித்துவிட இடமும் இருக்காது. தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டும் பழக்கம் உள்ளவர் என்றால் அளவு 112 செ.மீட்டரைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டவர்கள் 54 அங்குல அகலம் உள்ள வேட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். அது எல்லாக் கடையிலும் இருப்பதில்லை, எங்களிடமும் இப்போது இல்லை.

துவைத்தால் சுருங்குமா?

சுருங்கும். பருத்தித் துணி முதல் இரண்டு மூன்று துவைப்பில் நூறுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை சுருங்குவது இயல்பு, அதன் பிறகு நின்றுவிடும். நாங்கள் கொடுத்திருக்கும் அளவுகள் துவைக்காத துணியை மேசையில் விரித்து, இழுக்காமல் அளந்தவை. நூறுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் 3.60 மீட்டர் 3.49 மீட்டராகவும், 127 செ.மீ 123 செ.மீட்டராகவும் மாறும். மேலே சொன்ன கணக்குகளில் உங்களுக்கு வரும் விடை எல்லையில் நின்றால், இந்தச் சுருக்கத்தையும் சேர்த்து முடிவெடுங்கள்.

கரை 1 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்தா? படத்தில் இன்னும் பெரிதாகத் தெரிகிறதே?

ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 அங்குலம், அதாவது 2.5 செ.மீ. வேட்டி வியாபாரத்தில் கரை அளவை எப்போதும் ஒரு பக்கத்துக்கே சொல்வார்கள். அரை அங்குலம், 1 அங்குலம், 2 அங்குலம், 4 அங்குலம் என்று கேட்டால் நெசவாளருக்கும் கடைக்காரருக்கும் அப்படியே புரியும்.

படத்தில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் வேட்டியை மடித்த நிலையில் படம் எடுப்பதுதான். மடித்த துணியில் வெள்ளைப் பகுதியின் பெரும்பங்கு உள்ளே மறைந்துவிடுவதால், மேலே இருக்கும் கரை பாதித் துணியைப் பிடித்திருப்பது போல் தோன்றும். விரித்துப் பார்த்தால் 127 செ.மீ அகலத்தில் ஒரு கரை பிடிப்பது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆள் கட்டியிருக்கும் படத்தில் கரையின் அகலத்தை அவருடைய செருப்பு வாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உண்மையான அளவு கண்ணுக்குப் பிடிபடும்.

கட்டிய பிறகு ஒரு கரை இடுப்புச் சுருட்டலுக்குள் போய்விடும், இன்னொன்றுதான் கணுக்காலைச் சுற்றித் தெரியும். முன்புறம் மேலிருந்து கீழாக ஓடுவது கரை அல்ல, துணியின் முனை. அங்கே எங்கள் வேட்டியில் இரண்டு மெல்லிய மெரூன் கோடுகள் மட்டும் உண்டு. அங்கேயும் அகலமான கரை வரும் என்று எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாற்றம் அடைந்திருக்கிறார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம். இரட்டையாகக் கட்டும்போது உள் அடுக்கின் கரையும் வெளி அடுக்கின் கரையும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். ஒரு விரல் அளவு விலகினாலும் கீழே இரண்டு கோடுகள் தெரிந்து, கட்டியது அவசரத்தில் கட்டியது போல் இருக்கும். கரை குறுகலாக இருக்க இருக்க இந்த விலகல் கண்ணை உறுத்தும். வேட்டி கட்டிப் பழகாதவருக்கு அரை அங்குலத்தைவிட 1 அங்குலம் வசதி என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

மெரூன் கரை கட்சிக் கரை போல் தெரியுமா?

தெரியாது. தமிழ்நாட்டில் கட்சி வேட்டி என்று அடையாளம் காணப்படுவது ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் பட்டையாகச் சேர்ந்து வரும் கரை. கறுப்பும் சிவப்பும், அல்லது கறுப்பு வெள்ளை சிவப்பு என்பது போன்ற சேர்க்கைகளே அப்படிப் படிக்கப்படுகின்றன. ஒரே நிறக் கரையில் ஜரிகைக் கோடு வந்தால் அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அலுவலகத்துக்குக் கட்டிச் செல்ல விரும்புவோர் இதை அடிக்கடி கேட்கிறார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

ஜரிகை அசலா?

இல்லை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசியது. பருத்தி வேட்டியின் விலையில் அது வராது. இதில் இருப்பது உலோகப் பூச்சுள்ள பாலியெஸ்டர் இழை. கறுக்காது என்பது இதன் நன்மை. பருத்தி சுருங்கும்போது தான் சுருங்காது என்பது இதன் குறை. அகலமான ஜரிகைக் கரை உள்ள மலிவு வேட்டிகள் மூன்றாவது துவைப்பில் கரை மட்டும் அலை அலையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். இஸ்திரி போட்டாலும் அந்த அலை முழுதாகப் போகாது. எங்கள் கரையில் ஜரிகை 3 மி.மீ கோடாக மட்டும் ஓடுகிறது, இருபுறமும் பருத்தி நூல் அதை இழுத்துப் பிடித்திருப்பதால் அலை குறைவு. முற்றிலும் வரவே வராது என்று சொல்ல மாட்டோம்.

துணி கையில் எப்படி இருக்கும்? மிருதுவாகவா, மொடமொடப்பாகவா?

உறையைப் பிரித்த அன்று மொடமொடப்பாக இருக்கும். அது துணியின் குணம் அல்ல, கஞ்சியின் குணம். புது வேட்டியை மடிப்புக் கலையாமல் வைப்பதற்காகக் கஞ்சி ஏற்றி அழுத்துகிறார்கள். ஒருமுறை தண்ணீரில் ஊறப் போட்டு அலசினால் உண்மையான துணி வெளிப்படும். ஆகவே கடையில் தொட்டுப் பார்த்து முடிவெடுப்பதைவிட நூல் நம்பரைக் கேட்டு முடிவெடுப்பது பாதுகாப்பு.

பருத்தி நூலில் நம்பர் கூடக் கூட இழை மெலிதாகும். 40 நம்பர் நூலில் நெய்த வேட்டி கனமாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், நன்றாக உழைக்கும். 100 நம்பர் வேட்டி கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருக்கும், ஆனால் கூர்மையான ஏதாவது பட்டால் இழை எளிதில் அறும். 80 நம்பர் இந்த இரண்டுக்கும் நடுவே, மெலிது என்ற பக்கத்தில் நிற்பது. கோடையில் நாள் முழுவதும் கட்டியிருக்க இது ஏற்றது. வயல் வேலைக்கோ பட்டறைக்கோ வேண்டும் என்றால் 40 நம்பரையே வாங்குங்கள், இதை வாங்க வேண்டாம்.

நம்பர் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெல்லிய நூலை நெருக்கமில்லாமல் நெய்து, இடைவெளியைக் கஞ்சியால் நிரப்பி விற்பதும் உண்டு. துவைக்காத துணியின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கசக்கித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்து, தேய்த்த இடம் வலை போல் ஆனால் அந்தத் துணியில் கஞ்சி அதிகம், நூல் குறைவு என்று பொருள்.

உள்ளே தெரியுமா?

80 நம்பர் துணி ஒற்றையாக இருந்தால் வெயிலில் நிழலுருவம் தெரியும். இரட்டையாக மடித்துக் கட்டும்போது தெரியாது. எட்டு முழம் என்று ஒன்று இருப்பதற்கே இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மழையில் நனைந்தால் இரண்டு அடுக்கும் உடம்போடு ஒட்டும், அப்போது தெரியும்.

பாலியெஸ்டர் கலந்ததா இல்லையா என்று எப்படி உறுதி செய்வது?

முனையிலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, கெட்டியான மணி போன்ற ஒன்று முனையில் நிற்கும். வெள்ளைப் பகுதியின் இழையில் சோதியுங்கள். ஜரிகை இழையைச் சோதித்தால் உருகத்தான் செய்யும்.

இடுப்பில் நிற்குமா, நழுவுமா?

பருத்தி வேட்டி நிற்பது துணியும் துணியும் உராய்வதால்தான். புதிதாக இருக்கும்போது கஞ்சியும் இஸ்திரியும் துணியை வழவழப்பாக்கிவிடுவதால் முதல்முறை கட்டும்போது நழுவும். ஒருமுறை துவைத்து உலர்த்திய பிறகு நழுவல் வெகுவாகக் குறையும். ஆகவே கல்யாணத்தன்று முதல்முறையாகப் பிரித்துக் கட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிவிடுங்கள். நேரமில்லை என்றால் வேட்டிக்கான அகல பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசி வைக்க அதில் பையும் இருக்கும், எங்கள் வேட்டியின் இரண்டு வகையிலும் பை கிடையாது.

இது ரெடிமேடா? வந்தவுடன் அப்படியே கட்டலாமா?

ரெடிமேட் என்ற ஒரே சொல்லால் கடைகளில் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள். முனைகளை மடித்து ஓரம் அடித்திருப்பதையும் சொல்கிறார்கள், இடுப்பில் ஒட்டுநாடா வைத்துத் தைத்ததையும் சொல்கிறார்கள், பேன்ட் போல் காலை நுழைத்துக்கொள்ளும் பஞ்சகச்சத்தையும் சொல்கிறார்கள். வாங்கும்போது இவற்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் சாதாரண வகையில் இரண்டு முனைகளும் ஓரம் அடித்தே வருகின்றன, ஆகவே தையல்காரரிடம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மடித்து, சுற்றி, செருகிக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டுநாடா வகையில் இரண்டு அடுக்கையும் கரை பொருந்தும்படி மடித்து, மேல் விளிம்பில் சேர்த்துத் தைத்துவிட்டோம். சுற்றி ஒட்ட வேண்டியதுதான் உங்கள் வேலை. அலுவலக விழாவுக்காக ஒரு நாள் கட்டும் இளைஞருக்கும், குனிந்து நிமிர்ந்து கட்டச் சிரமப்படும் வயதானவருக்கும் இது உதவும். நன்றாகக் கட்டத் தெரிந்தவருக்கு இது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகு சற்றுத் தளர்த்திக்கொள்ளும் சுகம் சாதாரண வேட்டியில்தான் உண்டு.

நான் 36 சைஸ் பேன்ட் போடுகிறேன். ஒட்டுநாடா வகை பொருந்துமா?

பேன்ட் சைஸை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பேன்ட் தொப்புளுக்குக் கீழே நிற்பது, வேட்டி தொப்புளை ஒட்டிக் கட்டுவது. 36 சைஸ் போடுபவர் சற்று வயிறு உள்ளவர் என்றால் தொப்புள் மட்டத்தில் 39 அல்லது 40 அங்குலம் இருக்கலாம். டேப்பைத் தொப்புளின் மேல் வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள். எங்கள் நாடாவின் மெத்தென்ற பகுதி 36 செ.மீ நீளத்துக்குத் தைக்கப்பட்டிருப்பதால் 28 முதல் 42 அங்குலம் வரை எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். 41, 42 என்று எல்லையில் இருப்பவர்களுக்கு நாடாவின் கடைசி இரண்டு விரல் மட்டுமே பிடிக்கும், உட்காரும்போது அது பிரியக்கூடும். அவர்கள் சாதாரண வகையை வாங்கி பெல்ட் போடுவதே நல்லது.

உயரம் குறைந்தவர்கள் ஒட்டிய பிறகு மேல் விளிம்பை வெளிப்பக்கமாக ஒருமுறை மடித்துவிட்டால் கீழ்க்கரை மேலே ஏறும், நாடாவும் மறைந்துவிடும்.

இதிலேயே பஞ்சகச்சம் கட்டலாமா? சடங்குக்கு ஆகுமா?

பஞ்சகச்சத்துக்கு 3.60 மீட்டர் போதாது. அதற்கு ஒன்பது முழமோ பத்து முழமோ வேண்டும். ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும் சேர்ந்து 9-5 என்றும், பத்து முழமும் ஆறு முழமும் சேர்ந்து 10-6 என்றும் விற்பார்கள், அந்தப் பெயரிலேயே கேளுங்கள். சில வீடுகளில் சடங்குக்குத் தையல் படாத துணிதான் வேண்டும் என்பார்கள். அப்படியானால் ஒட்டுநாடா வகை நிச்சயமாக ஆகாது. ஓரம் அடித்திருப்பதைத் தையலாகக் கொள்வதா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு, பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரம் அடிக்காமல் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் அப்படியே அனுப்புகிறோம்.

எப்படித் துவைப்பது? கரைச் சாயம் வெள்ளையில் இறங்குமா?

மெரூன் சாயம் சற்றே அபாயமான சாயம். முதல்முறை துவைப்பதற்கு முன், ஈரமான வெள்ளைத் துணியால் கரையில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். துணியில் இளஞ்சிவப்பு ஏறினால் முதல் இரண்டு முறை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊற வைக்காமல் அலசி எடுங்கள். ஈரத்தோடு மடித்து வைப்பதுதான் சாயம் இறங்க முக்கியக் காரணம், பக்கெட்டில் விட்டுவிட்டு வெளியே போய்விடாதீர்கள். சலவைத் தூளில் பிளீச் கலந்திருந்தால் வெள்ளை பளிச்சென்று ஆகும், கரை வெளிறும்.

ஒட்டுநாடா வகையை நாடாவை ஒட்டிய நிலையிலேயே துவைக்க வேண்டும். திறந்து போட்டால் கொக்கிப் பகுதி வேட்டியின் மெல்லிய இழைகளையே பிடித்து இழுத்துவிடும். அதில் சேரும் நூல் தூசியைப் பழைய பல்துலக்கியால் அவ்வப்போது எடுத்துவிட்டால் பிடிப்புக் குறையாது. இஸ்திரிக்குக் கொடுக்கும்போது நாடாவின் மேல் பெட்டியை வைக்க வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். சூடு பட்டால் கொக்கிகள் உருகி மழுங்கிவிடும், அதன் பிறகு நாடாவைப் பிரித்துப் புதிது தைப்பதைத் தவிர வழியில்லை.